‘ஒரு மாதத்துக்குள்’: முதல் நாளைக் கழிக்கலாமா?

செக் வழக்கில் வழக்குக் காரணம் எழுந்தது 15ஆம் தேதி. புகார் தாக்கலானது அடுத்த மாதம் 15. புகார் தாக்கல் செய்ய மாற்றுமுறை ஆவணச் சட்டம் 142(1)(பி) கொடுப்பது ஒரு மாதம். முதல் நாளையும் எண்ணினால் 14ஆம் தேதியே கெடு போய்விடும்.

பொது வாசகங்கள் சட்டத்தின் பிரிவு 9 முதல் நாளைக் கழிக்கிறது. ஆனால் அது சொல்வது ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்கு. 142இல் இருப்பது ‘ஆஃப்’. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது. தீர்ப்புத் தளத்தில் ‘ஒன் மன்த்’ என்று தேடினால் வெள்ளமாகக் கொட்டியது.

அப்புறம், சொற்களுக்கு நீதிமன்றங்கள் தந்த பொருளைத் தொகுத்துத் தரும் நீதிமன்றச் சொல்லகராதியை எடுத்தேன். ‘மன்த்’, ‘காஸ் ஆஃப் ஆக்‌ஷன்’ இரண்டிலும் எதுவும் இல்லை. ‘ஆஃப்’ என்ற தலைச்சொல்லின் கீழ்தான் கிடைத்தது. பெரிய சொல்லை விட்டுவிட்டு, சண்டைக்குக் காரணமான சின்னச் சொல்லைத் தேட வேண்டும்.

அங்கே 1999இன் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், ஒன்றுக்கொன்று முரணாக. சாகேத் இந்தியா முதல் நாளைக் கழித்தது. அதன் தேதிகளும் எங்களுடையதைப் போலவே, 15.10.1995, 15.11.1995. எஸ்ஐஎல் இம்போர்ட் வேறு மாதிரி எண்ணியது. கையிலிருந்தது பழைய பதிப்பு. அதனால் இரண்டையும் பின்னால் எந்தத் தீர்ப்பு பரிசீலித்தது என்று தேடினேன். 2013இல் ஈகான் ஆன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சாகேத்தே சரி என்று தீர்த்திருந்தது. அப்பாடா, புகார் கெடுவுக்குள்தான்.