முட்டை ஃப்ரைடு ரைஸ் உதிரியாக வர

சுடச்சுட வடித்த சோற்றில் ஈரமும் பசையும் அதிகம்; கிளறினால் குழைந்துவிடும். இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் மூடி வைத்த சோற்றில் மாவுச்சத்து இறுகி, பருக்கைகள் விறைத்திருக்கும். சமைத்த சோற்றை வெளியே விட்டுவைக்காமல், ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் கட்டிகளை ஈரக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள்.

இருவருக்கு இரண்டு கப் சோறு, இரண்டு முட்டை போதும். இரும்பு வாணலியை வெறுமையாகவே காய விடுங்கள். (நான்ஸ்டிக்கில் இதைச் செய்யக் கூடாது.) ஒரு சொட்டு நீர் முத்தாக உருண்டு ஓடினால் பதம் சரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அடித்த முட்டையை ஊற்றினால் ஓரம் உடனே பொங்கி எழும். நடுவில் ஈரம் இருக்கும்போதே பெரிய துண்டுகளாக்கித் தட்டில் எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் ரப்பராகிவிடும்.

மீண்டும் எண்ணெய் விட்டு, சோற்றைப் பரப்பி அரை நிமிடம் தொடாமல் விட்டுப் புரட்டுங்கள். படபடவென்ற சத்தம் அடங்கி ஆவி மட்டும் எழுந்தால், அடுப்பின் சூட்டுக்குச் சோறு அதிகம். பாதியை எடுத்துவிட்டு இரண்டு தடவையாக வறுங்கள். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி போதும், அதையும் வாணலியின் ஓரத்தில் ஊற்றுங்கள். முட்டையும் வெங்காயத்தாளும் கடைசியில்தான்.