புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்கள் கடன் பதிவேட்டைப் படிப்பது எப்படி?

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுவது நான். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது தீர்மானப் புத்தகம்.

1. விதிகளைத் தேடுங்கள்

பல குழுக்களில் விதிமுறைகள் தனிப் புத்தகமாக இருக்காது. முதல் கூட்டத் தீர்மானமாக எழுதியிருப்பார்கள், பின்னால் திருத்தங்கள் வரும். அதனால் முதல் பக்கத்தோடு நிறுத்தாமல், வட்டி பற்றிய கடைசித் தீர்மானம் எது என்று பாருங்கள். வட்டியைக் குறைத்திருந்தால் பழைய கடனுக்கும் அது பொருந்துமா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே கேட்டு எழுத வையுங்கள்.

சேமிப்பு எளிது. எங்கள் குழுவில் 14 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய். இது சந்தா இல்லை, உங்கள் பணம். ஆனால் குழு தொடங்கி நாளான பிறகு சேர்ந்தால், மற்றவர்களின் பழைய சேமிப்புக்கு ஈடாக நீங்களும் கட்ட வேண்டுமா, இன்றிலிருந்து கட்டினால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழுவுக்குக் குழு இது மாறும்.

2. ஒரு கடனை வரி வரியாகப் படியுங்கள்

எங்கள் வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஒரு உறுப்பினர் ஜனவரியில் 10,000 ரூபாய் வாங்கினார், மாதம் 1,000 ரூபாய் அசல் என்று பத்துத் தவணை.

| மாதம் | முன் நிலுவை | வட்டி | அசல் | மீதி |
|---|---|---|---|---|
| பிப்ரவரி | 10,000 | 200 | 1,000 | 9,000 |
| மார்ச் | 9,000 | 180 | 1,000 | 8,000 |
| ஏப்ரல் | 8,000 | 160 | 340 | 7,660 |

வட்டி மீதி அசலுக்குத்தான், அதனால் மாதாமாதம் குறைகிறது. தவறாமல் கட்டினால் பத்து மாதத்தில் மொத்த வட்டி 1,100 ரூபாய். கடைசி வரை 10,000-க்கே வட்டி போட்டால் 2,000 ஆகிவிடும். இரண்டையுமே "ரெண்டு வட்டி" என்றுதான் சொல்வார்கள். எந்த முறை என்று விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஏப்ரல் வரியில் நில்லுங்கள்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். அந்த மாதம் அவரால் 500 ரூபாய்தான் கட்ட முடிந்தது. எங்கள் விதிப்படி முதலில் வட்டி, அப்புறம்தான் அசல். 160 வட்டிக்குப் போக, 340 அசலில் கழிந்தது. 500-ஐ முழுதாக அசலில் கழித்து 7,500 என்று எழுதினால், வட்டி 160 எங்கேயும் பதிவாகாது. பல மாதம் கழித்து ரொக்கக் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

மே மாதம் 7,660-க்கு வட்டி சுமார் 153. விட்டுப்போன அசல் 660, மே மாத அசல் 1,000. எல்லாம் சேர்த்து 1,813 கட்டினால் மீதி 6,000-க்கு வந்துவிடும், தவணை பழைய வரிசைக்குத் திரும்பும்.

ஏப்ரலில் எதுவுமே கட்டாமல் இருந்திருந்தால்? 160-ஐ "பாக்கி வட்டி" என்று தனியாகக் குறிப்போம், அசலோடு சேர்க்க மாட்டோம். சேர்த்தால் வட்டிக்கு வட்டி ஆகிவிடும். அபராதம் உண்டென்றால் அதுவும் தனிக் கட்டத்தில்.

பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். பென்சிலும் ஒயிட்னரும் கணக்குப் புத்தகத்தின் பக்கமே வரக்கூடாது. தப்பானால் ஒரே கோடு அடித்து, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். போனில் எக்செல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கூட்டத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது புத்தகம்தான்.

4. கூட்டிப் பாருங்கள்

20 மாதச் சேமிப்பு 56,000, செலவு போக வட்டியும் அபராதமும் 9,000 என்றால் குழுவின் சொந்தப் பணம் 65,000. உறுப்பினர்களிடம் உள்ள கடன் நிலுவை 52,000, வங்கியில் 12,400, கையிருப்பு 600. கூட்டினால் அதே 65,000 வர வேண்டும். வராவிட்டால் ஒவ்வொருவர் பாஸ் புத்தகத்தையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

வங்கிக் கடனுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். அது குழுவின் பெயரில் வாங்குவது. ஒருவர் கட்டாவிட்டாலும் வங்கி குழுவைத்தான் கேட்கும்.

பின்சேர்க்கை: "கடன் பாக்கியைச் சேமிப்பில் கழிக்கலாமா?" என்று இரண்டு பேர் கருத்தில் கேட்டிருந்தார்கள். எங்கள் குழுவில் நடுவில் கழிப்பதில்லை, குழுவை விட்டு விலகும்போது மட்டும்தான். ஒருவர் சேமிப்பு 4,000, கடன் பாக்கி 1,500 என்றால் 2,500 கையில் கிடைக்கும். வட்டி லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்பது தனித் தீர்மானம். அதை யாராவது விலகுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.