ரெஃபரல் போனஸை இப்படித்தான் மாற்றினேன்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் எனக்கு ஹெச்.ஆர். வேலை. தெரிந்தவரை வேலைக்குக் கூட்டி வந்தால், அவர் சேர்ந்த அன்றே கூட்டி வந்தவருக்கு 5,000 ரூபாய் என்று பழைய திட்டம் இருந்தது. சூப்பர்வைசர்கள் மச்சான், சித்தப்பா பையன் என்று தங்கள் ஷிஃப்டுக்கே கூட்டி வந்து, இன்டர்வியூவிலும் அவர்களே உட்கார்ந்துகொள்வார்கள். பலர் இரண்டே மாதத்தில் நின்றுவிடுவார்கள்.

தொகையை ஏற்றாமல் பிரித்தேன்: ஒரு மாதம் முடிந்தால் 1,000, ஆறு மாதம் முடிந்தால் மீதி 4,000. அப்புறம், தேர்வு செய்பவருக்கும், புதியவர் யாருக்குக் கீழ் வேலை பார்ப்பாரோ அவருக்கும் போனஸ் கிடையாது. உறவு என்றால் படிவத்தில் எழுத வேண்டும். தடையில்லை, வேறு ஷிஃப்ட், அவ்வளவுதான்.

சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர் வேலைக்கு யார் வந்தாலும் தேர்வுக்கு ஒரே வரைபடம், ஒரே ஷாஃப்ட். கடைந்து தந்ததை மைக்ரோமீட்டரில் அளக்கும் குவாலிட்டி ஆளுக்கு அது யார் அனுப்பிய ஆள் என்று தெரியாது. "எங்க பையனை ஏன் எடுக்கலை?" என்று சண்டைக்கு வந்தவரிடம் அந்த அளவுத் தாளைக் காட்டினேன், சரி என்று போய்விட்டார்.

இன்னும் தீராதது ஒன்று: எல்லாரும் ஒரே ஊர்க்காரர்களாகவே வருகிறார்கள். அதனால் ஒவ்வொரு காலியிடத்தையும் பக்கத்து ஐ.டி.ஐ.க்கும் சொல்லிவிடுகிறேன்.