நாளை எத்தனை யூனிட் வரும்? ஹீட்டரைப் போடலாமா என்பதை முதல் நாள் இரவே கணக்கிடும் முறை

"நாளை 80 சதவீத மேகமூட்டம்" என்று கைபேசிச் செயலி சொல்வதை வைத்து சோலார் உற்பத்தியைக் கணிக்க முடியாது. நானும் முதலில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். உயரத்தில் மெல்லிய திரைபோலப் பரவும் மேகம் வானம் முழுவதையும் மூடினாலும் வெயிலில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். தாழ்வான கனத்த மேகம் பாதி வானத்தில் இருந்தாலே உற்பத்தி படுத்துவிடும். செயலி இரண்டையும் ஒரே சதவீதக் கணக்கில் சொல்கிறது. நமக்குத் தேவை மேகத்தின் அளவு அல்ல. பேனல் மேல் விழப்போகும் கதிர்வீச்சின் அளவு.

எண்ணைப் பெறுவது

ஓப்பன்-மெட்டியோ என்ற வானிலைச் சேவை, பேனலின் சாய்வுக்கும் திசைக்கும் ஏற்பக் கணக்கிட்ட கதிர்வீச்சை மணிவாரியாகத் தருகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. கீழுள்ள முகவரியில் `LAT`, `LON` என்ற இடங்களில் உங்கள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இட்டு, உலாவியில் ஒட்டுங்கள். விரிதாளில் திறக்கக்கூடிய கோப்பு இறங்கும்.

```
https://api.open-meteo.com/v1/forecast?latitude=LAT&longitude=LON&hourly=global_tilted_irradiance&tilt=12&azimuth=0&forecast_days=2&timezone=auto&format=csv
```

`tilt` என்பது பேனலின் சாய்வு, பாகையில். `azimuth` விஷயத்தில் கவனம் தேவை. இங்கே தெற்கு 0, கிழக்கு -90, மேற்கு 90. திசைகாட்டி வழக்கப்படி தெற்குக்கு 180 என்று போட்டால், பேனல் வடக்குப் பார்ப்பதாகக் கணக்காகிவிடும்.

கோப்பில் 48 வரிகள் இருக்கும். முதல் 24 இன்றையவை, அடுத்த 24 நாளையவை. ஒவ்வொரு எண்ணும் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கு. 10:00 என்ற வரியில் உள்ளது 9 முதல் 10 மணி வரையிலான சராசரி. இதைக் கவனிக்காவிட்டால் உங்கள் திட்டம் முழுவதும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்.

யூனிட்டாக மாற்றுவது

பேனலின் கிலோவாட் திறனைக் கதிர்வீச்சால் பெருக்கி 1000ஆல் வகுத்து, ஒரு குறைப்பு எண்ணால் பெருக்க வேண்டும். 3 கிலோவாட் பேனலுக்கு, விரிதாளில் இப்படி:

```
=B5*3*0.75/1000
```

இதில் 0.75 என்பதுதான் குறைப்பு எண். வெப்பம், தூசி, கம்பி, இன்வெர்ட்டர் என எல்லா இழப்பும் அதற்குள் அடக்கம். தொடக்கத்துக்கு 0.75 போதும். பிறகு உங்கள் வீட்டு எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

முகவரியில் `&past_days=7` என்று சேர்த்தால் கடந்த ஏழு நாள் கதிர்வீச்சும் வரும். ஒரு நாளின் கூட்டுத்தொகை 5200 என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 15.6 யூனிட். அன்று இன்வெர்ட்டர் காட்டிய உற்பத்தி 11.7 என்றால், 11.7ஐ 15.6ஆல் வகுக்க 0.75. கணக்கு சுலபம்தான். ஆனால் வேறொரு நாள் அதே வெயிலுக்கு 7 யூனிட்தான் வந்திருக்கும், எண் 0.45 ஆகிவிடும். பேனலில் பழுது என்று பதறி, ஏணி போட்டு ஏறித் துடைத்தவன் நான். உண்மையில் அன்று 11 மணிக்கே பேட்டரி நிரம்பிவிட்டது. மின்சாரத்தை வெளியே அனுப்ப வழியில்லாத அமைப்பில், பேட்டரி நிரம்பியதும் இன்வெர்ட்டர் பேனலின் உற்பத்தியை வீட்டின் அப்போதைய தேவை அளவுக்கு இறக்கிவிடும். வெயில் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. உற்பத்திக் கோடு நல்ல வெயிலில் திடீரென்று சரிந்து, வீட்டுச் செலவுக் கோட்டோடு ஒட்டிக்கொண்டே போகும். பேட்டரி 100 சதவீதத்தில் நிற்கும். அந்த மணி நேரங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மிச்ச நேரங்களை மட்டும் வைத்து வகுத்துப் பாருங்கள். அப்படியும் ஒரு குறிப்பிட்ட மணியில் மட்டும் தினமும் எண் குறைந்தால், அது நிழல். அந்த மணிக்குத் தனிக் குறைப்பு எண் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைத் திட்டமிட்டுப் பார்ப்போம்

3 கிலோவாட் பேனல், 5 யூனிட் பேட்டரி. 20 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதில்லை என்பதால் பயன்படுவது 4 யூனிட். காலை 6 மணிக்கு பேட்டரி 40 சதவீதத்தில், அதாவது 2 யூனிட்டில் இருக்கும் என்று கொள்வோம். நாளைய கணிப்பு இப்படி வந்திருக்கிறது:

```
07:00   60    13:00  520
08:00  200    14:00  310
09:00  390    15:00  180
10:00  560    16:00  120
11:00  690    17:00   70
12:00  730    18:00   20
```

கூட்டினால் 3850, யூனிட்டில் சுமார் 8.7. இதில் 5.9 யூனிட் நண்பகலுக்குள் வந்துவிடுகிறது. பிற்பகலில் மேகம்.

செலவுப் பக்கம்: விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டிக்குப் பகல் 12 மணி நேரத்தில் 2.4 யூனிட். இரவில் 3.6, இன்வெர்ட்டர் இழப்போடு பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 4 போகும். பெரிய சுமைகள் மூன்று: தண்ணீர் மோட்டார் 0.75, வாஷிங் மெஷின் 0.5, வாட்டர் ஹீட்டர் முக்கால் மணி நேரத்துக்கு 1.5.

மூன்றையும் முற்பகலிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். மோட்டார் 9 மணிக்கு, துணி 10 மணிக்கு, ஹீட்டர் 11 மணிக்கு. ஹீட்டர் 2 கிலோவாட் இழுக்கும். அந்த நேரத்தில் பேனல் தருவதோ 1.6 கிலோவாட். மீதியையும் வீட்டின் பிற செலவையும் பேட்டரி கொடுக்கும். அது பெரிதல்ல. மோட்டாரையும் சேர்த்துப் போட்டால்தான் தொல்லை.

கணிப்பு பலித்தால் நண்பகலில் பேட்டரி 77 சதவீதத்திலும், மாலைக்குள் முழுமையாகவும் இருக்கும். இரவுக்குச் சரியாகப் போதும். கணிப்பு 20 சதவீதம் பொய்த்தால்? அதே கணக்கை 0.8ஆல் பெருக்கிப் போட்டேன்: மாலையில் பேட்டரி 3.7 யூனிட்டில் நிற்கிறது. 20 சதவீதத்தைக் கழித்தால் கையில் 2.7, இரவுக்கு 1.3 குறைகிறது. ஹீட்டரை நிறுத்தினால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடுகிறது. ஆக, நாளை முடிவு எடுக்க வேண்டியது ஹீட்டர் ஒன்றைப் பற்றி மட்டுமே.

அதனால் இரவே ஒரு சீட்டில் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுவேன்: "11 மணி வரையிலான மொத்த உற்பத்தி 4.3 யூனிட் இருக்க வேண்டும். 3.5க்குக் கீழே என்றால் ஹீட்டர் வேண்டாம்." வீட்டில் யார் பார்த்தாலும் புரியும், கணக்கை விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு பொய்க்கும் என்பதை அறிவது

அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது? தினமும் இரவில் கணித்த எண்ணையும் மறுநாள் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்த நோட்டிலிருந்து. `past_days` தரும் பழைய நாள் எண்கள் இதற்கு உதவாது. அவை அன்றைய நிலவரத்தை ஒட்டிப் புதுப்பிக்கப்பட்டவை. முதல் நாள் இரவு நீங்கள் பார்த்த கணிப்பு அல்ல. அவற்றோடு ஒப்பிட்டால் பிழை குறைவாகத் தெரிந்து ஏமாற்றும். இங்கும் பேட்டரி நிரம்பிய நாட்களை நோட்டில் சேர்க்காதீர்கள்.

தெளிந்த வானம் கணிக்கப்பட்ட நாட்களில் பிழை சிறிதாகவே இருக்கும். இடிமழைக் காலத்துப் பிற்பகல்கள்தான் கைவிடும். மேகம் உங்கள் வீட்டுக்கு மேல் திரளுமா, பக்கத்து ஊரிலா என்பதை எந்த மாதிரியாலும் முதல் நாளே உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகம் வரும் இரவுகளில் முகவரியோடு `&models=icon_seamless,gfs_seamless` என்று சேர்த்தால் இரு வானிலை மாதிரிகளின் எண்களும் தனித்தனியாக வரும். இரண்டும் ஒத்துப்போனால் வழக்கமான 0.8 போதும். ஒன்று 3800, மற்றது 2400 என்று நின்றால், குறைந்ததை வைத்துத் திட்டமிட்டு, ஹீட்டரை மறுநாளுக்குத் தள்ளிவிடுகிறேன்.