ஐஸ் நிறைந்த பிரிட்ஜை நம்பாதீர்கள்: மட்டக்களப்பில் பாவித்த சாமான்களால் வீடு நிரப்பியது

கல்லடியில் மேல்மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்தபோது என்னிடம் இருந்தவை ஒரு பாய், ஒரு ரைஸ் குக்கர், இரண்டு பை உடுப்பு. முற்பணம் கட்டிய பிறகு மிஞ்சியது ஒன்றரை இலட்சம் ரூபா. பிரிட்ஜ், அலுமாரி, கட்டில், மேசை, இரண்டு கதிரை, ஃபேன் எல்லாம் அதற்குள் வாங்கி முடித்தேன். ஆனால் அந்தக் காசில் 35,000 ரூபா முதலில் வாங்கிய பிரிட்ஜோடு போய்விட்டது. அந்தக் காசு உங்களுக்கும் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஆகவே பிரிட்ஜைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

படி 1: படிக்கட்டை அளங்கள்

வீட்டுக்குள் இருக்கும் இடத்தை எல்லோரும் அளப்பார்கள். மேல்மாடி என்றால் முதலில் அளக்க வேண்டியது படிக்கட்டு திரும்பும் மூலையை. அந்த அகலத்தையும், மேலே கூரை எவ்வளவு உயரம் என்பதையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கதவு அலுமாரி கழற்றிப் பூட்டக்கூடியதாக இருந்தால் மட்டுமே என் மூலையால் ஏறும் என்பது, அளந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

படி 2: யாரிடம் வாங்குவது

பாவித்த சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன, ikman.lk இருக்கிறது, ஃபேஸ்புக் குழுக்கள் இருக்கின்றன. என் விருப்பம் இடமாற்றம் கிடைத்துப் போகிறவர்கள்தான். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அரச உத்தியோகத்தர்கள் வருட முடிவில் வீட்டைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வீட்டில் சாமான் ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே நின்று பார்க்கலாம். என் கட்டிலும் மேசையும் அப்படித்தான் வந்தன.

மெத்தை மட்டும் பழையது வேண்டாம். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டால் கட்டிலுக்குக் கொடுத்த காசை விட அதைத் துரத்தும் செலவு கூடிவிடும்.

படி 3: பிரிட்ஜ்

நான் வாங்கிய முதல் பிரிட்ஜ் 38,000 ரூபா. போய்ப் பார்க்கும்போது ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் மேல்தட்டில் இரண்டு விரல் தடிப்புக்கு ஐஸ். "பாருங்க தங்கச்சி, எப்படிக் குளிர் அடிக்குது" என்றார் விற்றவர். நானும் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். பத்து நாளில் பால் புளித்தது. கேஸ் நிரப்ப 9,000 ரூபா. மூன்று கிழமையில் மறுபடி அதே கதை.

கடைசியில் காத்தான்குடியிலிருந்து வந்த பிரிட்ஜ் திருத்தும் காக்கா ஒருவர்தான் காரணத்தைக் காட்டினார். ஐஸ் முழுவதையும் உருக விட்டு, ஐஸ் தட்டின் உள்பக்கத்துக்கு டோர்ச் அடித்தார். அலுமினியத் தகட்டில் சாம்பல் நிறத்தில் ஐந்து ரூபாக் குற்றி அளவுக்கு ஒரு பசை ஒட்டு இருந்தது. யாரோ கத்தியால் ஐஸைக் கிண்டியபோது தகடு ஓட்டையாகியிருக்கிறது. கேஸ் ஓடும் குழாய் அந்தத் தகட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஒட்டை மறைத்தது ஐஸ்தான். அந்த ஐஸைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன். பிறகு 12,000 ரூபாவுக்கு உதிரிப்பாகங்களுக்காக அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அதனால் இரண்டாவது தடவை நான் செய்த முதல் வேலை, விற்பவருக்கு முதல் நாளே அழைத்து, "இரவே நிற்பாட்டி, கதவைத் திறந்து வையுங்கள், நான் காலையில் வந்து போடுகிறேன்" என்று சொன்னது. மறுப்பவரிடம் போகவே வேண்டாம். காய்ந்த, சூடான பிரிட்ஜில்தான் எல்லாம் தெரியும்.

போடுவதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, ஐஸ் தட்டின் உள்பக்கம்: கீறல், பசை ஒட்டு. இரண்டாவது, பின்பக்கம் கீழே கம்ப்ரசர் இருக்கும் இடம். அங்கே ஒரு குட்டைக் குழாயின் நுனியில் சைக்கிள் டியூப் வால்வு போன்ற ஒன்று பொருத்தியிருந்தாலோ, பளபளவென்று புதிதாக ஒட்டிய மூட்டு இருந்தாலோ, யாரோ கேஸ் நிரப்பியிருக்கிறார்கள். அது மட்டும் குற்றமில்லை. ஏன் நிரப்பினீர்கள், எங்கே ஒழுகியது என்று கேளுங்கள். மூன்றாவது, முதுகு. புதிய வகைப் பிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே புதைந்திருக்கும், முதுகு வெறுமையாக இருக்கும். அப்படிப்பட்ட பிரிட்ஜின் முதுகில் கறுப்புக் கம்பி வலை ஒன்றைத் தனியாகப் பூட்டியிருந்தால், உள்ளே இருந்த குழாய் ஒழுகி, அதை வெட்டிவிட்டு வெளியே வேறு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அதை வாங்க மாட்டேன்.

சரி, இப்போது போடலாம். நான் இப்போது வைத்திருக்கும் பிரிட்ஜை வாங்கிய காலையில் மணி பார்த்துக்கொண்டு நின்றேன். 9.40க்குப் பிளக்கைப் போட்டதும் ஒரு சின்னக் குலுக்கத்தோடு கம்ப்ரசர் பிடித்தது. "டிக்" என்று சத்தம் கேட்டு நின்று, கொஞ்சத்தில் மறுபடி "டிக்" என்று கேட்டால் கம்ப்ரசரோ அதைத் தொடக்கிவிடும் ரிலேயோ களைத்துவிட்டது. பத்து நிமிடத்தில் பக்கச் சுவர் இரண்டும் கையில் இளஞ்சூடாகத் தெரிந்தன. அது நல்லது, உள்ளிருக்கும் சூடு வெளியே வருகிறது. 9.55க்கு விரல் நுனியை நனைத்து ஐஸ் தட்டில் மெல்லத் தொட்டேன், லேசாக ஒட்டியது.

இனித்தான் முக்கியமானது. அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து, டோர்ச் அடித்து, வெண்பனி எங்கெங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். கேஸ் சரியான அளவில் இருந்தால் தட்டின் கீழ், மேல், இரு பக்கம் எல்லாம் மா தூவியது போல ஒரே சீராக வெளுக்கும். கேஸ் குறைந்திருந்தால் அது உள்ளே நுழையும் பக்கம் மட்டும் ஒரு திட்டாக வெளுத்து, மற்றப் பக்கம் வெறும் ஈரமாகவோ காய்ந்தோ இருக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே சில நொடிகளுக்கு "உஸ்ஸ்" என்று கேஸ் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். பிடுங்கிய உடனே மறுபடி போட்டு விடாதீர்கள், குழாய்க்குள் அழுத்தம் இறங்க ஐந்து நிமிடம் விட வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. மெல்ல ஒழுகும் பிரிட்ஜில் நேற்று கேஸ் நிரப்பியிருந்தால் இன்று எல்லாத் தட்டும் அழகாக வெளுக்கும். அதற்கு என் வழி, விலையில் ஒரு பங்கை நிறுத்திவைப்பது. 46,000 பேசி, 36,000 கையில் கொடுத்து, மீதி பத்தாயிரத்தை மூன்று கிழமை கழித்துக் கொடுத்தேன். நல்ல சாமான் விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

பழையது வாங்குவதென்றால் ஒற்றைக் கதவு, ஐஸ் பிடிக்கும் சாதாரணப் பிரிட்ஜ்தான் என் தெரிவு. ஐஸ் பிடிக்காத இரட்டைக் கதவுப் பிரிட்ஜில் உள்ளே ஒரு ஃபேன், ஐஸ் உருக்கும் ஹீட்டர், அதை இயக்கும் போர்ட் என்று பழுதாக இன்னும் மூன்று சாமான் இருக்கிறது. கதவு ரப்பரைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள், சுற்றிவர எங்கேயாவது சும்மா வழுகினால் ரப்பர் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் குறையுங்கள். கடற்கரைப் பக்கம் கல்லடி, நாவலடியில் ஓடிய பிரிட்ஜ் என்றால் அடிப்பக்கத் தகட்டையும் கீழ்ப் பிணைச்சலையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேல் துரு பரவாயில்லை, உள்ளே இறங்கினால் வேண்டாம்.

படி 4: அலுமாரி, வெள்ளம் குடித்ததா?

நம் மாவட்டத்தில் மரச்சாமான் வாங்கும்போது மறக்கக்கூடாதது வெள்ளம். 2011 ஜனவரியிலும், 2024 நவம்பர் கடைசியிலும் நீர் புகுந்த வீடுகள் எத்தனை! அந்தச் சாமான்கள் காய்ந்து, பெயின்ட் அடித்து விற்பனைக்கு வருகின்றன.

மெலமைன் பலகை அலுமாரியென்றால் கீழிருந்து ஒரு சாண் உயரத்துக்கு விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தண்ணீர் குடித்த பலகை தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் போல உப்பியிருக்கும், காய்ந்தாலும் பழைய அளவுக்கு இறங்காது. பிணைச்சல் ஆணி அதில் நிற்காது. நான் ஒன்றைக் கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். கூடவே வந்த தச்சு வேலை தெரிந்த பெரியவர்தான் கீழ்த் தட்டைக் கழற்றிக் காட்டி, "இது தண்ணி குடிச்ச பலகை புள்ள, உடுப்பைத் தொங்கவிட்டா கதவு கழண்டு வரும்" என்றார். பெயின்ட் அடிப்பவர்கள் லாச்சியின் அடிப்பக்கத்துக்கும் பின்பலகைக்கும் அடிப்பதில்லை. உண்மை அங்கேதான் இருக்கும்.

தேக்கு, முதிரை என்று சொன்னால் ஒரு பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் சாமானின் காலைத் தூக்கி மெல்லத் தட்டி வையுங்கள். வெளிர் நிறத்தில் நைசான தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இப்போதும் தின்கிறது. தூள் இல்லாத பழைய ஓட்டைகள் பெரும்பாலும் ஆபத்தில்லை. பின்பக்கம் மண்கோடு ஓடியிருந்தால் கறையான், நான் அதோடு திரும்பிவிடுவேன்.

படி 5: ஏற்றி இறக்குவது

ஒரு பட்டா வாகனம் பிடித்து எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் கூலி மிச்சம். பிரிட்ஜ் நின்றபடியே வர வேண்டும், கயிறு கட்டிய இடத்தில் பழந்துணி வையுங்கள். வீட்டில் சுவரிலிருந்து ஒரு கைமுட்டி அளவாவது தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் ஒரு பிரிட்ஜ் கார்ட் வாங்குங்கள், பழையதல்ல, புதியது. கரண்ட் போய் வந்தவுடன் கம்ப்ரசரைத் தொடக்காமல் சில நிமிடம் தாமதிப்பதுதான் அதன் வேலை.

பின்சேர்க்கை 1: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், பிரிட்ஜை ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிட்டதாகவும், போட்டதும் வித்தியாசமாகச் சத்தம் வருவதாகவும் கேட்டிருந்தார். படுக்கும்போது கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போகும். நிமிர்த்தி, ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் போடச் சொன்னேன். சத்தம் நின்றுவிட்டதாம். இன்னும் நிற்கவில்லையென்றால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

பின்சேர்க்கை 2: கல்முனையிலிருந்து வந்த கேள்வி, கேஸ் வகை பற்றியது. பிரிட்ஜுக்குள் அல்லது பின்னால் ஒரு சின்னத் தகட்டில் ஆர்-134ஏ அல்லது ஆர்-600ஏ என்றும், எத்தனை கிராம் என்றும் எழுதியிருக்கும். இரண்டாவது எரியக்கூடியது, அளவும் மிகக் கொஞ்சம். கம்ப்ரசரும் அந்தந்த கேஸுக்கென்றே செய்யப்பட்டது. "இதுக்கு அதை அடிச்சாலும் ஓடும்" என்று சொல்லும் ஆளிடம் கொடுக்காதீர்கள். தகட்டைப் போட்டோ எடுத்து வைத்திருங்கள், கேஸ் நிரப்ப ஆள் வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.