வளவளவென்று எழுதிய மெயிலைச் சுருக்குவது எப்படி?

வாடகை வீட்டைக் காலி செய்து ஐந்து வாரம் ஆகியும் அட்வான்ஸ் வரவில்லை என்று என் தம்பி வீட்டு உரிமையாளருக்கு ஒரு மெயில் எழுதினான். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான். உரிமையாளர் வெளியூர்க்காரர், வயதானவர். ஃபோனில் பேசினால் சரியாகக் காது கேட்காது, அதனால்தான் மெயில். அவன் எழுதியது இது:

> ஐயா வணக்கம், நலமாக இருக்கிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நாங்கள் புது வீட்டில் ஒருவழியாக செட்டில் ஆகிவிட்டோம், தண்ணீர்தான் கொஞ்சம் பிரச்சினை. உங்கள் வீட்டில் மூன்று வருடம் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தோம், மோட்டார் ரிப்பேரானபோது நான் கையிலிருந்து 2,300 ரூபாய் கொடுத்தேன், அதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை. ஜூன் 1 சாவி கொடுத்தபோது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வதாகச் சொன்னீர்கள், அது பரவாயில்லை, கரண்ட் பில்லும் கழித்துக்கொள்ளலாம். மீதியை ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்னதாக ஞாபகம். இங்கே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கடன் வாங்கியிருக்கிறேன், வட்டி வேறு ஓடுகிறது. தொந்தரவாக நினைக்க வேண்டாம், உங்களுக்கு எப்போது வசதிப்படுமோ அப்போது அந்த விஷயத்தைக் கொஞ்சம் பார்த்தால் நன்றாக இருக்கும். எங்கள் பெயருக்குக் கடிதம் ஏதாவது வந்தாலும் சொல்லுங்கள்.

இதில் பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் எவ்வளவு அனுப்ப வேண்டும், எந்தக் கணக்குக்கு, எப்போதைக்குள் என்று பெரியவருக்குத் தெரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அட்வான்ஸ் என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் புது வீட்டு அட்வான்ஸ். கேட்க வந்தது "அந்த விஷயம்" ஆகிவிட்டது.

படி 1: மெயிலை மூடிவிட்டு, கேட்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

ஒரு துண்டுக் காகிதம் போதும். யார், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்? தம்பியால் இதை உடனே எழுத முடியவில்லை, ஏனென்றால் அவன் கணக்கே போட்டிருக்கவில்லை. உட்கார்ந்து போட்டோம். கொடுத்த அட்வான்ஸ் 90,000. பெயிண்டிங் 12,000, கடைசி கரண்ட் பில் 1,840. மீதி 76,160. உடனே வரி வந்துவிட்டது: "அட்வான்ஸ் மீதி 76,160 ரூபாயை ஜூலை 15க்குள் என் கணக்குக்கு அனுப்ப வேண்டும்."

மெயில் வளர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பேன். என்ன கேட்பது என்று முடிவாகவில்லை என்றால், கை சுற்றிச் சுற்றித்தான் எழுதும்.

படி 2: மற்ற கோரிக்கைகளை வெளியே எடுங்கள்

அந்த மெயிலில் மூன்று கோரிக்கைகள் கலந்திருக்கின்றன: அட்வான்ஸ், மோட்டார் செலவு, கடிதம் வந்தால் சொல்வது. மூன்றையும் ஒன்றாக அனுப்பினால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும். "கடிதம் எதுவும் வரவில்லை தம்பி" என்று ஒரு வரி வந்து நிற்கும்.

கடிதத்தைப் பற்றி இன்னொரு நாள் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்ளலாம். மோட்டார் விஷயம் கொஞ்சம் சிக்கல். வேண்டுமென்றால் அந்த 2,300ஐக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும், வேண்டாமென்றால் அடியோடு விட்டுவிட வேண்டும். சும்மா குத்திக்காட்டுவது மட்டும் கூடாது. அப்போதே சொல்லாத செலவு, ரசீதும் இல்லை. அதைக் கிளப்பினால் பேச்சு அதிலேயே நின்று 76,160 தள்ளிப்போகும் என்று பட்டது. விட்டுவிட்டான்.

படி 3: ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதியுங்கள்

கேள்வி ஒன்றுதான்: இதை எடுத்துவிட்டால், பணம் அனுப்புவதற்கு முன் அவர் நம்மிடம் ஏதாவது கேட்க வேண்டி வருமா? வராது என்றால் எடுத்துவிடலாம். புது வீட்டுத் தண்ணீர் போனது. முழங்கால் விசாரிப்பு உண்மையான அக்கறை, அதனால் அதை அழிக்காமல் கடைசிக்கு நகர்த்தினோம்.

கடனையும் வட்டியையும் எடுக்கத் தம்பிக்கு மனமே இல்லை. "அவருக்கும் நம்ம கஷ்டம் தெரியட்டுமே அண்ணா" என்றான். கஷ்டம் உண்மைதான். ஆனால் "வட்டி ஓடுகிறது" என்று படிப்பவருக்கு அது தன்மேல் வைத்த குற்றச்சாட்டாகத் தெரியும். அவர் மனம் பதில் சொல்வதில் இறங்கிவிடும், பணம் அனுப்புவதில் இருக்காது.

அப்புறம் "ஞாபகம்" என்ற சொல். நமக்கே சந்தேகம் என்று அது காட்டிக்கொடுக்கிறது. பழைய வாட்ஸ்அப் செய்தியைத் தேடிப் பார்த்தோம், ஒரு மாதத்தில் தருவதாக அவரே எழுதியிருந்தார். ஆக, "பேசியபடி" என்று உறுதியாகவே எழுதலாம்.

படி 4: கேட்பதை முதலில் வைத்து, பத்தி பிரியுங்கள்

ஃபோனில் மெயில் வந்தால் முதலில் கண்ணில் படுவது பொருள் வரியும் தொடக்கச் சொற்களும்தான். நலம் விசாரிப்பு நீண்டால் அந்த இடம் அதற்கே போய்விடும். அதனால் வணக்கத்துக்கு அடுத்த வாக்கியமே கோரிக்கை. இரண்டாவது பத்தி கணக்கு. மூன்றாவது, அனுப்பத் தேவையான வங்கி விவரம். பத்திக்கு இரண்டு மூன்று வாக்கியம், நடுவில் ஒரு வரி இடைவெளி. பொருள் வரியில் "வணக்கம்" என்றோ "முக்கியம்" என்றோ போடாமல் விஷயத்தையே எழுதுங்கள்.

படி 5: முடிவில் பணிவு இருக்கட்டும், தேதி கரைய வேண்டாம்

"உங்களுக்கு எப்போது வசதிப்படுமோ அப்போது" என்பது மரியாதையாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் தேதியை அழித்துவிடுகிறது. "உடனடியாக அனுப்பவும்" என்பதோ பெரியவரிடம் சொல்லும் பேச்சில்லை. நடுவழி இருக்கிறது: தேதியை உறுதியாகச் சொல்லிவிட்டு, அது முடியாவிட்டால் வேறு தேதி சொல்லும் உரிமையை அவரிடம் கொடுங்கள்.

எல்லாம் முடிந்து அனுப்பியது இது:

> பொருள்: வீட்டு அட்வான்ஸ் மீதி ரூ.76,160 – ஜூலை 15க்குள்
>
> ஐயா, வணக்கம்.
>
> வீட்டு அட்வான்ஸில் மீதமுள்ள 76,160 ரூபாயை ஜூலை 15ஆம் தேதிக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> ஜூன் 1 அன்று சாவியை ஒப்படைத்தபோது பேசியபடி, 90,000 ரூபாயில் பெயிண்டிங்குக்கு 12,000, கரண்ட் பில்லுக்கு 1,840 கழித்திருக்கிறேன். பில்லை இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் கீழே, என் பெயருக்கு அடியில் உள்ளன.
>
> அந்தத் தேதி சிரமமாக இருந்தால், எந்தத் தேதியில் முடியும் என்று ஒரு வரி எழுதுங்கள். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
>
> நன்றியுடன்,

அனுப்பும் முன் மூன்று வேலை. தொகையை மறுபடி கூட்டிப் பாருங்கள். "இணைத்துள்ளேன்" என்று எழுதியிருந்தால், இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பெறுநர் முகவரியைக் கடைசியாகப் போடுங்கள், பாதியில் கை தவறி அனுப்பும் ஆபத்து இருக்காது. ஜிமெயில் அமைப்புகளில் Undo Send என்பதை 30 நொடிக்கு மாற்றி வைத்துக்கொண்டால், அனுப்பிய பிறகும் அந்த அரை நிமிடத்துக்குள் திரும்ப இழுத்துவிடலாம்.

பதிலே வராவிட்டால்? புது மெயில் எழுதாதீர்கள். ஜூலை 16 காலையில் இதே மெயிலுக்குப் பதில் போடுவது போலத் திறந்து, இரண்டே வரி: "ஐயா, வணக்கம். அட்வான்ஸ் மீதி இன்னும் வரவில்லை, எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம் என்று இன்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." கணக்கும் வங்கி விவரமும் கீழேயே இருப்பதால் அவர் எதையும் தேட வேண்டியதில்லை.