வேலை அனுபவம் இல்லையா? ஒரே ஒரு ப்ராஜெக்டை வைத்து மேனேஜருக்கு எழுதுவது எப்படி

மதுரையில் எக்செல் கற்றுத் தருகிறேன். மூன்று மாதப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படித்த பாடங்களையே வரிசையாக அடுக்குகிறார்கள். அதே படிப்பை முடித்த எல்லோரிடமும் அதே பட்டியல்தான் இருக்கும். அதனால் பட்டியலை விட்டுவிட்டு, செய்த ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் எழுதியதை வைத்தே விளக்குகிறேன். அவர் எழுதியது எம்.ஐ.எஸ். உதவியாளர் வேலைக்கு, அதாவது நிறுவனத்தின் கணக்கு விவரங்களைத் தொகுத்து மேனேஜருக்கு அறிக்கை தயாரிக்கிற வேலைக்கு.

படி 1: எந்த ப்ராஜெக்ட்?

வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்த பயிற்சி ஃபைல் வேண்டாம். நிஜமாக ஒருவருக்குத் தேவைப்பட்ட வேலையாக இருக்கட்டும். இந்தப் பெண்ணின் சித்தப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். எந்த விவசாயி எத்தனை கிலோ மல்லி கொண்டுவந்தார், என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் சிட்டையில் இருக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து கையால் கூட்டுவார்கள். அந்தச் சிட்டையை அவர் எக்செல்லில் ஏற்றினார்.

படி 2: எங்கே சிக்கியது என்று எழுதி வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. முதல் தடவை கூட்டியபோது ஒரே நாளில் மல்லியின் எடை 45,000 கிலோவைத் தாண்டி நின்றது. ஒரு கடைக்கு அவ்வளவு பூ வர வழியே இல்லை. தேடிப் பார்த்தால், சிட்டையில் அரை கிலோவை 1/2 என்று எழுதியிருந்தார்கள். அதை அப்படியே அடித்ததும் எக்செல் பிப்ரவரி 1 என்று தேதியாக எடுத்துக்கொண்டது. எக்செல்லுக்குத் தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண்தான். 1900-லிருந்து நாள்களை எண்ணிக்கொண்டு வருவதால், இந்த வருடங்களின் தேதிகள் 45,000-க்கு மேல் வரும். அந்த எண்ணும் எடையோடு சேர்ந்து கூட்டலில் போய்விட்டது.

செல்லின் ஃபார்மட்டை எண் என்று மாற்றினால் அரை கிலோ திரும்பி வராது, அந்தப் பெரிய எண்தான் தெரியும். அவர் சிட்டையை மறுபடி எடுத்து, அந்த இடங்களில் எல்லாம் 0.5 என்று அடித்தார். பிறகு ஒவ்வொரு நாளின் கூட்டுத்தொகையையும் சிட்டையோடு ஒப்பிட்டார்.

அனுபவம் இருக்கிறவரிடம் மேனேஜர் தேடுவதும் இதைத்தான்: தப்பான எண்ணைப் பார்த்ததும் சந்தேகப்படுகிற கண்.

படி 3: எழுதுங்கள்

விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

> பொருள்: எம்.ஐ.எஸ். உதவியாளர் பணி – பூக்கடைக் கணக்கு ப்ராஜெக்ட்
>
> வணக்கம் மேடம்,
>
> எம்.ஐ.எஸ். உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்று மாத எக்செல் படிப்பைச் சென்ற மாதம் முடித்தேன். நிறுவனத்தில் வேலை பார்த்ததில்லை. செய்து முடித்த ஒரு வேலையை அனுப்புகிறேன்.
>
> மாட்டுத்தாவணியில் என் சித்தப்பாவின் பூ கமிஷன் கடையில் 26 விவசாயிகளின் மாதக் கணக்கைக் கையால் கூட்ட இரண்டு நாள் மாலை ஆகும். மூன்று மாதச் சிட்டையை எக்செல்லில் ஏற்றினேன். 1/2 என்ற எடை தேதியாக மாறி மொத்தம் தப்பாக வந்ததைக் கண்டுபிடித்து, நாள்வாரியாகச் சிட்டையோடு சரிபார்த்தேன். இப்போது அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு கணக்குத் தாள் எடுக்கிறார்கள்.
>
> மூன்று மாதக் கணக்குதான் இருக்கிறது. அதனால் வருட விலைப்போக்கு பற்றி இதில் எதுவும் சொல்லவில்லை.
>
> ஃபைல் இணைப்பு கீழே. இந்த வாரம் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இவ்வளவு போதும். ‘அனுபவம் இல்லை’ என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்ததைக் கவனியுங்கள். அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ‘மூன்று மாதக் கணக்குதான்’ என்ற வரியை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கணக்கின் எல்லை தெரிந்தவர் சொல்லும் எண்ணைத்தான் நம்ப முடியும்.

படி 4: அனுப்புவதற்கு முன்

கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். விவசாயிகளின் பெயர், போன் நம்பரை எடுத்துவிட்டு வி-1, வி-2 என்று போடுங்கள். அடுத்தவர் வரவு செலவு அது.

கூகுள் டிரைவில் ஏற்றினால் `Anyone with the link`, `Viewer` என்று வையுங்கள். அப்புறம் உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கிற இணைப்பை யாரும் இரண்டாவது தடவை தொட மாட்டார்கள்.

படி 5: அழைப்பு வந்தால்

ஃபைலில் உள்ள ஒரு ஃபார்முலாவைக் காட்டி விளக்கச் சொல்வார்கள். இவரிடம் கேட்டது இது:

```
=SUMIFS(E:E, B:B, "வி-7", C:C, "மல்லி")
```

B பத்தியில் வி-7, C பத்தியில் மல்லி என்று இருக்கிற வரிகளின் தொகையை மட்டும் E பத்தியிலிருந்து கூட்டும் என்று சொன்னார். சிட்டையில் சில இடங்களில் ‘மல்லிகை’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அந்த வரிகள் கூட்டலில் வராது, அதனால் முதலில் எல்லாவற்றையும் ‘மல்லி’ என்று மாற்றிவிட்டுத்தான் கூட்டினேன் என்றார். இரண்டையும் அவர் கையால் செய்திருந்ததால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.